விளக்கு எரிகிறது, வெளிச்சம் எட்டுகிறதா?

கார் திரையில் ஹெட்லைட் படத்தோடு மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. இறங்கிப் பார்த்தால் இரண்டு விளக்கும் எரிகின்றன. ‘எரிகிறதே, அப்புறம் என்ன?’ என்று கிளம்பிவிடுகிறோம். அந்தச் செய்தி பெரும்பாலும் பல்பைப் பற்றியதல்ல. ஒளி விழும் கோணத்தைப் பற்றியது.

தானாகத் திசையும் உயரமும் மாற்றிக்கொள்ளும் ஹெட்லைட்டுக்கு ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பவை தெரிய வேண்டும். தாழ்வைச் சொல்வது பின்சக்கரத்தருகே சஸ்பென்ஷனோடு ஒரு சிறு கம்பியால் இணைந்த சென்சார். சேறும் கல்லும் படும் இடம் அது. கம்பி ஒடியலாம், சஸ்பென்ஷன் வேலைக்குப் பிறகு மாட்டாமல் விடுபட்டிருக்கலாம். தகவல் நின்றதும் பல கார்கள் விளக்கைத் தாழ்வாக நிறுத்திவிடும். எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விலை கொடுப்பவர் ஓட்டுநர்.

எவ்வளவு விலை என்று சுவரில் பார்த்துவிடலாம். சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் மேல்விளிம்பு சுவரில் 55 செ.மீ.யில் விழுந்தால், 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம், சாலையில் சுமார் 65 மீட்டர் எட்டும். அதே விளிம்பு 40 செ.மீ.க்கு இறங்கியிருந்தால் 26 மீட்டரோடு முடிந்தது.

இனி வேகம். 80 கி.மீ.யில் போகும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 40 சொச்சம். மொத்தம் 74 மீட்டர். டெயில் லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, 26 மீட்டரில்தான் கண்ணில் படும். அந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால் 40 கி.மீ.க்கும் கீழேதான் போக முடியும். மழையில் இன்னும் குறைவு. பிரைட் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், பல கார்களில் அதுவும் அதே கூட்டுக்குள் இருப்பதால் சேர்ந்தே தாழ்ந்திருக்கும். எதிரே வண்டி வந்தால் எப்படியும் இறக்கியாக வேண்டும்.

தானியங்கி விளக்குக் கோளாறு வேறு ரகம். கண்ணாடிக்குப் பின்னுள்ள ஒளி சென்சார் பழுதானால், முன்கண்ணாடி மாற்றிய பிறகு இது அடிக்கடி வரும், சுவிட்சை AUTO-விலிருந்து டிம் நிலைக்குத் திருப்பினால் போதும். விளக்கு தானே எரியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். டேஷ்போர்டு ஒளிர்வதால் வெளியே விளக்கு எரிகிறது என்று அர்த்தமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கம்பியை மாட்டியதோடு விடாதீர்கள். பல கார்களில் சமதரையில் நிறுத்தி, ஸ்கேனரால் சென்சாருக்குச் சமநிலையைப் பதிவு செய்ய வேண்டும். அது முடிந்ததா என்று கேளுங்கள். செய்தி மறைந்தாலும், அன்று இரவே அதே சுவரில் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.