20 சதவீதம் 15-இடம் தோற்கும்போது

ஒரு லட்சம் ரூபாயை இரண்டு திட்டங்களில் ஒன்றில்தான் போட முடியும். முதலாவது ஓராண்டில் 1,20,000 தரும். இரண்டாவது நான்காம் ஆண்டு முடிவில் 1,75,000 தரும். ஐ.ஆர்.ஆர். எனும் உள் வருவாய் விகிதம் முதலாவதில் 20%, இரண்டாவதில் சுமார் 15%. முதலாவதுதானே லாபம்?

அவசரம் வேண்டாம். நம் பணத்துக்கு ஆண்டுச் செலவு 10% என்றால், வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து முதலீட்டைக் கழித்த மிச்சம், அதாவது என்.பி.வி., முதலாவதில் 9,091, இரண்டாவதில் 19,527. அந்த 20% ஓராண்டு மட்டுமே உழைக்கிறது. அதே வட்டியில் பணத்தை மறுபடி போட இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவதைத் தேர்ந்தால், முதலாண்டின் 1,20,000-ஐ விட்டுக்கொடுத்து மூன்றாண்டு கழித்து 1,75,000 வாங்குகிறோம். அந்தக் காத்திருப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 13.4% கிடைக்கிறது. இதுவே குறுக்கு விகிதம். இங்கே இரண்டு என்.பி.வி.யும் சமம். பணத்தின் செலவு 14% ஆனால் முதலாவது முந்தும்: 5,263, எதிரே 3,614.