காலாவதியான விலைப்புள்ளி

பம்ப்செட் விற்கும் நிறுவனம் ஒன்று மார்ச் 1 அன்று 10 மோட்டார்களுக்கு, ஒன்று 18,000 ரூபாய் என விலைப்புள்ளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 20ஆம் தேதி சம்மதிக்கிறார். அதற்குள் செம்பு விலை ஏறி, மோட்டாரின் அடக்கவிலை 900 ரூபாய் கூடிவிட்டது. பழைய விலைக்கே ஆர்டர் போட்டால் 9,000 ரூபாய் லாபம் குறையும்.

மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ERPNext மென்பொருளில் இதற்குத்தான் Valid Till என்ற கட்டம். அதில் மார்ச் 15 என்று குறித்திருந்தால், மறுநாள் விலைப்புள்ளியின் நிலை Expired ஆகும். நிர்வாகி தனியாக அனுமதிக்காதவரை அதிலிருந்து விற்பனை ஆர்டர் பிறக்காது. நகலெடுத்து, புது விலையும் புதுத் தேதியும் போட்டு வாடிக்கையாளரிடம் மறுபடி பேச வேண்டும். அவர் 6 மோட்டார் மட்டும் கேட்டால், ஆர்டரில் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மீதி 4 விலைப்புள்ளியிலேயே நிற்கும்.

பல விற்பனைக் குழுக்கள் கோட்டைவிடும் இடம் வேறு. காலாவதியானது வேறு, கைநழுவியது வேறு. வாடிக்கையாளர் வேறிடம் வாங்கிவிட்டார் என்று தெரிந்ததும் Set as Lost பொத்தானை அழுத்தி, காரணத்தையும் போட்டியாளர் பெயரையும் பதிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘விலை அதிகம்’ என்றே பதிவாகியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இழந்த சிலரையாவது மேலாளரே அழைத்துக் கேட்கட்டும். டெலிவரி தாமதம்தான் உண்மைக் காரணம் என்றால், தள்ளுபடி கொடுத்துப் பயனில்லை. சரக்கை இருப்பில் வைக்க வேண்டும்.