பாக்கி கேட்பதும் ஒரு தொழில்நுட்பமே!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

லேத்தில் ஒரு ஷாஃப்டை அளவு பிசகாமல் கடைந்து கொடுக்க நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கடைந்து கொடுத்த ஷாஃப்டுக்குப் பணம் வாங்குவது எப்படி என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நம்மில் பலர் நாளைக்கு ஒரு சின்னப் பட்டறை போடப் போகிறவர்கள். கோவை ஆவாரம்பாளையம் பக்கம் என் சித்தப்பா வைத்திருக்கும் பட்டறையில் விடுமுறை நாட்களில் பில் எழுதுவதும் வசூல் நோட்டுப் பார்ப்பதும் என் வேலை. அங்கே பார்த்ததை வைத்து ஒரே ஒரு பார்ட்டியின் கணக்கை மட்டும் இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

தாமதம் எவ்வளவு தின்கிறது?

அந்தப் பார்ட்டி ஒரு பம்ப் கம்பெனி. வாரம் ஒரு லோடு ஷாஃப்ட் எடுப்பார்கள். ஈ.என்.8 ராடு நம்முடையது. ஒரு லோடு 20,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600 ரூபாய். ஆக, வாரத்துக்கு ஒரு பில் 23,600 ரூபாய்.

இந்த 20,000 ரூபாயில் ராடு, கூலி, கரண்ட், டூல் பிட், வாடகை எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 1,600 ரூபாய். இப்போது நான்கு பில் நிலுவையில் நிற்கிறது என்று வையுங்கள், 94,400 ரூபாய். அந்தப் பணம் வராமலே போனால், அதை ஈடுகட்ட எத்தனை வாரம் உழைக்க வேண்டும்? 94,400-ஐ 1,600-ஆல் வகுத்துப் பாருங்கள். 59 வாரம்! ஒரு வருஷத்துக்கு மேல் லாபமே இல்லாமல் லேத் ஓட வேண்டும்.

வராமல் போகவில்லை, தாமதமாக வந்தது என்றாலும் நஷ்டம்தான். மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர், பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது. அதோடு ராடுக் கடைக்காரர் கையில் காசு கேட்பார், சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். இதற்கெல்லாம் ஓ.டி.யில் எடுத்தால், 12 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு 60 நாளில் ஏறக்குறைய 2,000 ரூபாய் போய்விடும். ஒரு வாரத்து லாபத்துக்கும் அதிகம்.

கடன் வரம்பு எப்படிப் போடுவது?

கடன் வரம்பு என்றால், 'இந்தப் பார்ட்டியிடம் நம் பணம் இதற்கு மேல் நிற்கக் கூடாது' என்று ஒரு தொகையை முதலிலேயே எழுதி வைப்பது. மனதில் வைத்திருந்தால் போதாது. பார்ட்டி நேரில் வந்து சிரித்துப் பேசினால் மனதில் உள்ள தொகை தானாக ஏறிவிடும்!

இதற்கு இரண்டு கணக்கு போட வேண்டும். முதலாவது, பார்ட்டிக்கு எவ்வளவு தேவை? அவர்கள் கேட்டது 30 நாள் தவணை. அப்படியானால் ஒரே நேரத்தில் ஐந்து பில் வரை வெளியே நிற்கும், 1,18,000 ரூபாய். இரண்டாவது, நம்மால் எவ்வளவு தாங்க முடியும்? சித்தப்பாவிடம் ஒரு மாதக் கூலியும் வாடகையும் தனியே எடுத்து வைத்தது போக, சுழற்சிக்கு இருந்தது 3 லட்சம். ஒரே பார்ட்டியிடம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடுவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் விதி. ஆக, ஒரு லட்சம். இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு.

ஒரு லட்சத்துக்குள் நான்கு பில்தான் அடங்கும். எனவே 30 நாள் தவணை கொடுக்க வழியில்லை என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டது. சித்தப்பா பர்ச்சேஸ் மேனேஜரிடம் போய், "சார், 21 நாள்னா வாரா வாரம் தவறாம லோடு அனுப்பிடுவேன். 30 நாள்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு லோடுதான் என்னால முடியும்" என்றார். அவர்கள் 21 நாளுக்கு ஒப்புக்கொண்டார்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே '21 நாள்' என்று எழுதி வாங்கினோம். பேச்சில் ஒப்புக்கொண்டது அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் போய்ச் சேராது.

நினைவூட்டலின் படிகள்

ஜூன் 1-ஆம் தேதி முதல் லோடு. பிறகு 8, 15, 22 தேதிகளில் ஒவ்வொரு லோடு. முதல் பில்லுக்குப் பணம் வர வேண்டிய நாள் ஜூன் 22.

நினைவூட்டுவது என்றால் தேதி தாண்டிய பிறகு போன் செய்வது என்று நினைக்கிறோம். அது தவறு. முதல் நினைவூட்டல் லோடு போன மூன்றாம் நாளே. அப்போது பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "சார், 1-ஆம் தேதி லோடுக்கு ஜி.ஆர்.என். போட்டாச்சுங்களா? பீஸ் எல்லாம் இன்ஸ்பெக்ஷன்ல ஓ.கே.ங்களா?" என்று கேட்பதுதான். தாமதமாகும் பில்களில் நிறைய, ஆள் கெட்ட எண்ணத்தில் நிறுத்தி வைத்ததல்ல. ஆர்டர் நம்பர் தப்பாக இருக்கும், டெலிவரி சலானில் எண்ணிக்கை மாறியிருக்கும், நான்கு பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கும். பில் ஒரு மூலையில் தூங்கும். நாம் 22-ஆம் தேதி கேட்கும்போதுதான் அது வெளியே வரும். திருத்தி அனுப்ப இன்னும் பத்து நாள் ஓடும்.

இரண்டாவது, தேதிக்கு ஐந்து நாள் முன்பு. ஜூன் 17 அன்று அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இரண்டு வரி: "ஐயா, எங்கள் ஜூன் 1-ஆம் தேதி பில், ரூ.23,600, வரும் 22-ஆம் தேதி தவணை முடிகிறது. அந்த வாரப் பட்டுவாடாவில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்." பில் நம்பர், தொகை, தேதி மூன்றும் இருக்க வேண்டும். 'பழைய பாக்கியைக் கொஞ்சம் பார்க்கவும்' என்று எழுதினால் அவரும் கொஞ்சம்தான் பார்ப்பார்!

22-ஆம் தேதி பணம் வரவில்லை. 24-ஆம் தேதி மூன்றாவது படி, போன். குரலை உயர்த்தாமல் மூன்றே கேள்வி: பில் பாஸ் ஆகிவிட்டதா? எந்தத் தேதியில் வரும்? செக்கா, நெஃப்டா? யார், என்ன தேதி சொன்னார் என்று நோட்டில் உடனே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை "நீங்க 26-ஆம் தேதின்னு சொன்னீங்களே சார்" என்றால் பேச்சு நம் பக்கம் நிற்கும். "எப்பவும் இதே கதைதான்" என்றால் சண்டைதான் மிஞ்சும்.

26-ம் போனது. 27-ஆம் தேதி நான்காவது படி, கடிதம். இதை அக்கவுண்ட்ஸுக்கு மட்டுமல்ல, பர்ச்சேஸ் மேனேஜருக்கும் அனுப்ப வேண்டும். பணம் நின்றால் அக்கவுண்ட்ஸுக்குக் கவலையில்லை. ஷாஃப்ட் நின்றால் பர்ச்சேஸுக்குத் தூக்கம் வராது. கடிதம் இப்படி இருந்தது: "தங்கள் கணக்கில் நிலுவை ரூ.94,400. 29-ஆம் தேதி லோடு சேர்ந்தால் ரூ.1,18,000 ஆகி, நாம் பேசிய ஒரு லட்சம் வரம்பைத் தாண்டுகிறது. லோடு தயாராக உள்ளது. முதல் பில்லுக்கான தொகை வந்தவுடன் அன்றே அனுப்பி வைக்கிறோம்."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. லோடை நிறுத்துவது சித்தப்பா இல்லை, வரம்பு. அதனால் யாருக்கும் முகம் கோண வேண்டியதில்லை. வரம்பு கணக்கில் ஒரு வாரம் சலுகை தானாகவே இருந்தது என்பதையும் கவனியுங்கள். 22-ஆம் தேதி தவறினாலும் 29 வரை நாம் எதையும் நிறுத்தவில்லை.

வந்த பணத்தை எதில் வரவு வைப்பது?

29-ஆம் தேதி லோடு போகவில்லை. மறுநாள் 40,000 ரூபாய் வந்தது. எந்த பில்லுக்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. இப்படி முழுத் தொகையாக வரும்போது, மிகப் பழைய பில்லிலிருந்து வரவு வைத்து, அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதல் பில் 23,600 தீர்ந்தது. மீதி 16,400 இரண்டாம் பில்லில். அதில் பாக்கி 7,200. மொத்த நிலுவை 54,400. நிறுத்தி வைத்த லோடு போனபின் 78,000; வரம்புக்குள் வந்துவிட்டது. சொன்னபடி அன்றே லோடு போயிற்று. வாக்கை நாம் காப்பாற்றினால்தான் அடுத்த கடிதத்துக்கு மதிப்பு.

பார்ட்டி நிஜமாகவே ஆட்டம் கண்டிருக்கிறார் என்பதற்கும் அடையாளம் உண்டு. பில் தொகைக்குச் சம்பந்தமில்லாத சில்லறைத் தொகைகள் வரும். வழக்கமாகப் பேசும் ஆள் போனை எடுக்க மாட்டார். எல்லாவற்றிலும் மோசமானது, பணம் தாமதமாகும் நேரத்திலேயே ஆர்டர் கூடுவது. மற்ற சப்ளையர்கள் நிறுத்திவிட்டதால் எல்லாம் நம்மிடம் வருகிறது என்று அர்த்தம். 'பெரிய ஆர்டர்' என்று மகிழ்ந்து வரம்பைத் தளர்த்தும் இடம் அதுதான். அப்போது பழைய பாக்கி தனி, புது லோடு கையில் காசு என்று பிரித்துவிட வேண்டும்.

சட்டம் எவ்வளவு துணை?

2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ.டி. சட்டப்படி, உதயம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடு தாண்டிய பாக்கியை வாங்குபவர் உண்மையில் கட்டிய வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அதனால் உதயம் நம்பரை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். பிப்ரவரி மாத நினைவூட்டலில் இதை ஒரு வரி மரியாதையாகக் குறிப்பிட்டால் அவர்களுடைய ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

ஆனால் புகார் கொடுத்த பார்ட்டி மறுபடி ஆர்டர் கொடுப்பது அபூர்வம். அதனால் சட்டம் கடைசிப் படி. வரம்புதான் முதல் படி. அந்தக் கடைசிப் படிக்குப் போக நேர்ந்தால் கையில் காகிதம் வேண்டும். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். எனவே ஒவ்வொரு மார்ச் 31-க்கும் நிலுவைப் பட்டியலை அனுப்பி, 'சரி' என்று கையெழுத்தும் சீலும் வாங்கி, சலான் பைலோடு சேர்த்து வையுங்கள். பார்ட்டி நல்லவராக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். ஆட்டம் கண்டபின் சீல் கிடைக்காது.