விரல் கணுவில் முளைக்கும் எலும்பு

ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண். நகத்துக்குச் சற்றுக் கீழே உள்ள கடைசி விரல் கணுவில் வலி தொடங்குகிறது. கணு சிவந்து, தொட்டால் வலிக்கிறது. சிலருக்கு அங்கே பாகு போன்ற திரவத்தோடு சின்னக் கொப்புளமும் வரும். சில மாதங்களோ சில வருடங்களோ கழித்து வலி தானாகத் தணிகிறது. ஆனால் கணுவின் மேல்புறம் இரு பக்கமும் பட்டாணி அளவில் கெட்டியான புடைப்பு நின்றுவிடுகிறது. அதற்குள் பக்கத்து விரலில் வலி ஆரம்பித்திருக்கும்.

இந்தப் புடைப்புக்கு ஹெபர்டன் கணு என்று பெயர். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவரின் குறிப்புகள், அவர் இறந்த மறுவருடம், 1802இல் நூலாக வந்தன. யூரிக் அமில வாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அதில் எழுதியிருந்தார். இதே புடைப்பு நடுக்கணுவில் வந்தால் புஷார்ட் கணு. மோதிரம் கழற்ற முடியாமல் போவது இதனால்தான்.

உள்ளே நடப்பது வெறும் தேய்மானம் அல்ல. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, சிதைவதும் புதுப்பிக்கப்படுவதுமாகவே இருக்கும். பரம்பரை, வயது, கைக்கு விழும் பாரம் எல்லாம் சேரும்போது சிதைவு முந்திக்கொள்கிறது. மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது. ஆரம்பத்துச் சிவப்பும் வலியும் அதனால் வருபவை. குருத்தெலும்பு மெலிந்ததும் அடியிலுள்ள எலும்பு இறுகுகிறது. மூட்டின் ஓரத்தில் முதலில் புதுக் குருத்தெலும்பு வளர்ந்து, பிறகு எலும்பாக மாறுகிறது. நாம் தடவிப் பார்ப்பது அதைத்தான். ஆடும் மூட்டை நிலைநிறுத்த உடம்பு செய்யும் அரைகுறைப் பழுதுபார்ப்பு என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். சொடக்கு எடுப்பதால் வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

பலரும் பயப்படுவது முடக்குவாதத்துக்கு. அது பெரும்பாலும் மணிக்கட்டையும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளையும் பிடிக்கும். கடைசிக் கணுவை விட்டுவிடும். அந்த வீக்கம் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். தேய்மானத்தில் அது பெரும்பாலும் அரை மணிக்குள் விலகிவிடும். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பக்கூடாது: முடக்குவாதக் காரணி நோயில்லாத முதியவர்களிலும் சிலருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். கடைசிக் கணு வீக்கத்தோடு நகத்தில் குழிகள் இருந்தால், சொரியாசிஸ் வாதமா என்று பார்க்க வேண்டும்.

புடைப்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலிக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல் போதும்; மாத்திரை பிறகுதான். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். கட்டைவிரலின் அடிமூட்டில் வலி இருந்தால் பட்டை அணிவது உதவும். மூடியைத் திறக்க அடிமூட்டில் அழுத்தம் விழாத திறப்பான், பருத்த கைப்பிடியுள்ள கரண்டி போன்றவை மருந்தைவிடப் பலருக்கு உபயோகம்.

கொப்புளத்தை மட்டும் ஊசியால் குத்திவிடாதீர்கள். அது மூட்டோடு தொடர்புள்ளது. கிருமி உள்ளே போனால் மூட்டே சீழ் பிடிக்கும். முட்டிகள் மெத்தென வீங்கி, காலை விறைப்பு ஒரு மணிக்கு மேல் நீடித்தால், தேய்மானம் என்று இருந்துவிடாமல் சில வாரங்களுக்குள் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள்.