நீக்கிய விவரம் நகல்களில் தங்கிவிடுவது ஏன்?

வாடிக்கையாளர் ஒருவர் தம் விவரங்களை நீக்கச் சொன்னால், நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளத்தில் அது ஒரு நொடி வேலை. ஆனால் விற்பனை அறிக்கைகளுக்கான தரவுக் கிடங்கிலும், குறுஞ்செய்தி அனுப்பும் சேவையிலும் அதே விவரம் நகலாக இருக்கும். இந்த நகல்கள் பெரும்பாலும் இரவில் குறித்த நேரத்தில் ஓடும் ஒத்திசைவால் நிரம்புகின்றன. நீக்கம் தவறிப்போவது அங்கேதான்.

ஒத்திசைவு பொதுவாக எல்லா வரிகளையும் எடுப்பதில்லை. கடைசி ஓட்டத்துக்குப் பின் மாறியவற்றை மட்டும் கேட்கும்:

```sql
SELECT * FROM customers
WHERE updated_at > '2025-10-06 02:00:00';
```

இணையத்தில் சேலை விற்கும் கடை ஒன்றில், 4817 என்ற எண்ணுள்ள வாடிக்கையாளரின் வரி மாலை 5 மணிக்கு அழிக்கப்பட்டதாகக் கொள்வோம். இரவு 2 மணிக்கு மேற்கண்ட கேள்வி ஓடும்போது 4817 பதிலில் வராது. அழிந்துபோன வரிக்கு மாறிய நேரம் ஏது? பிழை எதுவும் காட்டாமல் ஓட்டம் முடிந்துவிடும். தீபாவளித் தள்ளுபடிச் செய்தி வழக்கம்போல் அவர் கைப்பேசிக்குப் போகும்.

எனவே வரியை உடனே அழிக்கக் கூடாது. பெயர், கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றை வெறுமையாக்கி, `deleted_at` பத்தியில் நேரத்தைக் குறித்து, `updated_at` பத்தியையும் புதுப்பிக்க வேண்டும். அப்போது நீக்கமும் ஒரு மாற்றமாக எல்லா நகல்களுக்கும் போய்ச் சேரும். பெறும் பக்கம் அந்தக் குறியைக் கண்டதும் தன் நகலை அழிக்கும்படி அமைந்திருப்பதும் அவசியம். வெற்று மதிப்பு வந்தால் பழையதையே வைத்துக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு. எல்லா நகல்களும் அழிந்தது உறுதியான பிறகே மூல வரியை அகற்றலாம்.

திருத்தத்தில் சிக்கல் வேறு. கைப்பேசி எண்ணையே அடையாளமாக வைத்திருக்கும் சேவைக்குப் புதிய எண் புதிய ஆளாகவே தெரியும். பழைய எண்ணும் அப்படியே கிடக்கும். மாறாத வாடிக்கையாளர் எண்ணால் இணைத்தால்தான் திருத்தம் உரிய இடத்தில் விழும்.

நீக்கியது திரும்பி வருவதும் உண்டு. பழைய காப்புப்பிரதியை மீட்டெடுத்தால் 4817 மறுபடி முளைப்பார். நீக்கப்பட்ட எண்களை மட்டும் கொண்ட தனிப் பதிவேட்டை வேறிடத்தில் வைத்து, ஒவ்வொரு மீட்புக்குப் பின்னும் அதன்படி மீண்டும் அழிக்க வேண்டும்.

ஓட்டம் வெற்றி என்ற அறிவிப்பு இதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு நகலிலும் 4817ஐயும் பழைய கைப்பேசி எண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும். ஊழியர்கள் இறக்கி வைத்த எக்செல் கோப்புகளை எந்த ஒத்திசைவும் தொடாது. அவற்றை ஆளிடம் கேட்டுத்தான் அழிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 19ஆம் பிரிவு, விவரம் பெற்ற ஒவ்வொருவருக்கும் திருத்தத்தையும் நீக்கத்தையும் தெரிவிக்கச் சொல்கிறது. அது இயலாதபோதும் அளவுமீறிய உழைப்பைக் கோரும்போதும் மட்டுமே விலக்கு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும், நிறுவனம் தன் சார்பில் தரவைக் கையாள்பவரிடம் உள்ளதையும் அழிக்கச் செய்ய வேண்டும் என்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் விலைப்பட்டியல் போன்றவை மட்டும் அதுவரை இருக்கலாம்.