"அக்கா, ஒரு மணி நேரம் பார்த்துக்க முடியுமா?"

மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்ல, சப்போர்ட் டீம்ல வேலை பார்க்கிற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. கே.ஒய்.சி. புதுப்பிக்காததால அவரோட அக்கவுண்ட்ல பணம் எடுக்க முடியலை. இன்னிக்கு வெள்ளி, நாளைக்கு ரெண்டாவது சனி. 2015 செப்டம்பர்ல இருந்து மாசத்துல ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் லீவு. அதனால ஷிப்ட்டுக்கு நடுவுலதான் போயாகணும்.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பினா, எதை, எத்தனை மணி வரைக்கும் பார்க்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. அவசர டிக்கெட் ஒண்ணு யாரும் தொடாமலே கிடக்கும்.

இப்படிக் கேட்டுப் பாருங்க: "அக்கா, 11.30ல இருந்து 12.30 வரைக்கும் பேங்க் போகணும். என்கிட்ட ரெண்டு டிக்கெட் இருக்கு. ஒண்ணு கஸ்டமர் பதிலுக்காக நிக்குது, அதைத் தொட வேண்டாம். இன்னொண்ணுக்கு 12 மணிக்குள்ள பதில் போகணும், குறிப்பு எழுதிட்டேன். உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, 2 மணிக்குப் போய்க்கிறேன்."

வேலை அரை மணி நேரம்தான்னாலும் ஒரு மணி நேரமாக் கேளுங்க; டோக்கன் வரிசை நம்ம கையில இல்லை. அவங்க "சரி"ன்னதும் அந்த டிக்கெட்டை அவங்க பேருக்கு மாத்துங்க. பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க, அவங்க அனுப்புற பதில் உங்க பேர்ல பதிவாகிடும்.

12.15க்கும் டோக்கன் வரலைன்னா, அப்பவே மெசேஜ் போடுங்க. திரும்பினதும் "வந்துட்டேன்க்கா"ன்னு சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த டிக்கெட்டை அவர் பார்ப்பார்னு அவங்களும், அவங்க பார்ப்பாங்கன்னு நீங்களும் விட்டுடுவீங்க.