ரிட்டன் சிலிப்பும் டெபிட் நோட்டும்

சப்ளையருக்குத் திருப்பி அனுப்பும் சரக்கோடு குடோனிலிருந்து கிளம்புகிற ரிட்டன் சிலிப்பில் பெரும்பாலும் விலை இருக்காது. என்ன பொருள், எத்தனை எண்ணிக்கை, எந்தத் தேதி, ஏன் திரும்புகிறது, யார் வண்டியில் ஏற்றினார், யார் வாங்கிக்கொண்டார் என்பதோடு அது முடிந்துவிடும். கணக்குப் புத்தகத்துக்கு வேண்டியது ரூபாய். சிலிப்பில் உள்ள எண்ணிக்கையை ரூபாயாக மாற்றி, ‘இவ்வளவு தொகையை உங்கள் கணக்கில் பற்று எழுதியிருக்கிறோம்’ என்று சப்ளையருக்குத் தெரிவிக்கும் தாள்தான் டெபிட் நோட். பாடப்புத்தகங்கள் இதைப் பற்றுக் குறிப்பு என்கின்றன. பிழைகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தின்போதுதான் நுழைகின்றன.

மதுரையில் உள்ள ஒரு மின்பொருள் கடை, கோவை விநியோகஸ்தர் ஒருவரிடம் 40 மின்விசிறிகளைக் கடனுக்கு வாங்கியது என்று கொள்வோம். பட்டியல் விலை ஒன்றுக்கு 2,000 ரூபாய். வியாபாரத் தள்ளுபடி 5 சதவீதம் போக 1,900 ரூபாய். ஆக 76,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 13,680 ரூபாய், பில் தொகை 89,680 ரூபாய். பிரித்துப் பார்த்ததில் 6 விசிறிகளில் மோட்டார் ஓடவில்லை. அந்த ஆறும் ரிட்டன் சிலிப்புடன் திரும்பிப் போகின்றன.

டெபிட் நோட் எழுத உட்காருபவர் முதலில் எடுக்க வேண்டியது பழைய கொள்முதல் பில்லை. விலைப்பட்டியலையோ, சமீபத்தில் வந்த வேறு பில்லையோ பார்த்து விலை போடக்கூடாது. சரக்கு எந்த விலைக்கு உள்ளே வந்ததோ அதே விலைக்குத்தான் வெளியே போக வேண்டும். தள்ளுபடி போன 1,900 ரூபாயை ஆறால் பெருக்கினால் 11,400 ரூபாய். அதற்கு மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் 1,026 ரூபாய், மாநில ஜிஎஸ்டி அதே 1,026 ரூபாய். டெபிட் நோட் தொகை 13,452 ரூபாய். தள்ளுபடியை மறந்து 2,000 ரூபாய் என்று போட்டால் தொகை 14,160 ஆகிவிடும். கூடுதலாக எழுதிய அந்த 708 ரூபாய் அன்றைக்குக் கண்ணில் படாது. மாதக் கடைசியில் சப்ளையரின் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடும்போதுதான் தலைதூக்கும். அதற்குள் காரணம் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

டெபிட் நோட்டுக்குத் தனி வரிசை எண் வேண்டும். அதில் ரிட்டன் சிலிப்பின் எண், பழைய பில்லின் எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். பிறகு பதிவு. சப்ளையர் கணக்கில் 13,452 ரூபாய் பற்று. கொள்முதல் திருப்பக் கணக்கில் 11,400, உள்ளீட்டு வரிக் கணக்குகள் இரண்டிலும் தலா 1,026 வரவு. சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய தொகை குறைவதால் அவர் கணக்கில் பற்று. வாங்கியபோது எடுத்துக்கொண்ட வரிச் சலுகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதால் வரிக் கணக்குகளில் வரவு. கடை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே வரிச் சலுகையே கிடையாது, வரியும் கொள்முதல் செலவோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். ஆகவே 13,452 ரூபாயும் கொள்முதல் திருப்பத்துக்கே போகும்.

டாலி பிரைமில் இதற்கென Debit Note வவுச்சர் இருக்கிறது, Alt+F5 அழுத்தினால் திறக்கும். அதில் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் கொடுத்துப் பதிய வேண்டும். சிலர் அவசரத்தில் ஜர்னல் வவுச்சரில் தொகையை மட்டும் போட்டுவிடுவார்கள். கடன் பாக்கி சரியாகக் குறையும், ஆனால் போன ஆறு விசிறிகளும் கணினிக் கையிருப்பில் அப்படியே நிற்கும். ஸ்டாக் எடுக்கும் நாளில் ‘ஆறு குறைகிறதே’ என்று குடோன்காரர் பதில் சொல்ல வேண்டிவரும்.

பாக்கி குறைந்தால் மட்டும் போதாது, எந்தப் பில்லின் பாக்கி குறைந்தது என்பதும் தெரிய வேண்டும். வவுச்சரில் சப்ளையர் பெயருக்குக் கீழே Agst Ref என்பதைத் தேர்ந்து அந்த 89,680 ரூபாய் பில்லோடு இணைத்தால், அந்தப் பில்லில் 76,228 ரூபாய் நிலுவை என்று காட்டும். On Account என்று விட்டால் மொத்தப் பாக்கி சரியாகவே இருக்கும். ஆனால் பில்வாரிப் பட்டியலில் 89,680 ரூபாய் முழுதாக நிற்கும், 13,452 ரூபாய் எந்தப் பில்லோடும் ஒட்டாமல் தனியே தொங்கும். காசோலை எழுதுபவர் பில்வாரிப் பட்டியலைப் பார்த்துத்தானே எழுதுவார்! முழுத் தொகையும் போய்விடும். பில்லுக்கு முன்பே பணம் கட்டியிருந்தால், டெபிட் நோட்டுக்குப் பிறகு சப்ளையர் கணக்கு பற்று இருப்பு காட்டும். அதில் தவறில்லை, அவர் நமக்குத் தர வேண்டிய தொகை அது. அதைத் தனிக் குறியீடாக வைத்திருந்து அடுத்த பில்லில் கழிக்கலாம், பணமாகவும் வாங்கலாம்.

இதுவரை எழுதியதெல்லாம் வாங்கியவரின் கோரிக்கை மட்டுமே. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவில் சரக்கு திரும்பும்போது வரியைக் குறைக்கும் ஆவணம் சப்ளையர் கொடுக்கும் கிரெடிட் நோட்தான். அந்தப் பிரிவு பேசும் டெபிட் நோட்டும் சப்ளையருடையதே, வரி குறைவாகப் போட்டுவிட்டபோது அவர் கொடுப்பது. வாங்கியவரின் டெபிட் நோட் கணக்குக்கான தாள், வரிக்கான தாள் அல்ல. சப்ளையர் கிரெடிட் நோட்டைத் தன் ரிட்டனில் காட்டியதும் அது வாங்கியவரின் GSTR-2B-யில் தெரியும், அந்த மாத ரிட்டனில் வரிச் சலுகை குறையும். இதற்குக் காலக்கெடு உண்டு. சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30, அல்லது சப்ளையர் ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியதோ அதற்குள் கிரெடிட் நோட்டைக் காட்டினால்தான் அவருடைய வரி குறையும்.

கோவைக்காரர் ஆறு விசிறிகளையும் சோதிக்கிறார். ஒன்றில் இறக்கை வளைந்திருக்கிறது. அது கடையில் கீழே விழுந்தது என்று சொல்லி ஐந்துக்கு மட்டும் கிரெடிட் நோட் அனுப்புகிறார், 9,500 ரூபாயும் வரி 1,710 ரூபாயும் சேர்த்து 11,210 ரூபாய். கடை ஒப்புக்கொண்டால், பழைய டெபிட் நோட்டை அழித்துத் திருத்துவதைவிட, ஒரு விசிறிக்கான 2,242 ரூபாயைத் திருப்பி எழுதும் தனிப் பதிவு போடுவது நல்லது. சப்ளையர் கணக்கில் 2,242 வரவு, கொள்முதல் திருப்பத்தில் 1,900, வரிக் கணக்குகளில் தலா 171 பற்று. பாக்கி 78,470 ரூபாய் ஆகும். அந்த ஆறாவது விசிறி கடைக்குத் திரும்பி வந்ததும் கையிருப்பிலும் ஏற வேண்டும்.

பழுதான சரக்குக்குப் பதில் புதிய சரக்கே தருவதாக சப்ளையர் ஒப்புக்கொண்டு உடனே தந்துவிட்டால் டெபிட் நோட் தேவைப்படாது. போனதும் வந்ததும் கையிருப்பில் தெரிந்தால் போதும். சிக்கல் அதைவிட அடுத்த ஏற்பாட்டில்தான் அதிகம். ‘அடுத்த பில்லில் கழித்துக்கொடுக்கிறேன்’ என்று வாய்மொழியாகச் சொல்லும் சப்ளையர், புதிய பில்லில் விலையையே குறைத்துவிடுவார். கடையோ தன் டெபிட் நோட்டையும் வைத்திருக்கும். ஒரே ஆறு விசிறிக்கு இரண்டு முறை கழிவு. சப்ளையரின் கணக்கு அறிக்கை வந்ததும் நம் பேரேட்டில் உள்ள ஒவ்வொரு டெபிட் நோட்டுக்கும் எதிரே அவருடைய கிரெடிட் நோட் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் இது பிடிபடும். எதிரே எண் எழுத முடியாமல் நிற்கும் டெபிட் நோட்டுகள் இன்னும் ஏற்கப்படாதவையாகவோ, வேறு வழியில் கழிந்துபோனவையாகவோதான் இருக்கும். கிரெடிட் நோட்டைக் கேட்பதா, தன் பதிவைத் திருப்புவதா என்பதை அடுத்த காசோலை எழுதுவதற்கு முன் கடை முடிவு செய்துகொள்ள வேண்டும்.